ரெஃபரல் கேட்க நான்கு வழிகள்: எதில் சங்கடம் குறைவு?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சித்தி மகள் கோயம்புத்தூரிலிருந்து அழைத்தாள். மென்பொருள் சோதனைப் பிரிவில் அவளுக்கு நாலரை ஆண்டு அனுபவம். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தில் தனக்குப் பொருத்தமான ஓர் இடம் காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறாள். அங்கே அவளுக்கு மூன்று பேரைத் தெரியும். ஒருவர் அவளுக்கு இரண்டு ஆண்டு டீம் லீடாக இருந்து, எட்டு மாதங்களுக்கு முன் அந்த நிறுவனத்துக்கு மாறியவர். இன்னொருவர் கல்லூரியில் அவளுக்கு இரண்டு ஆண்டு மூத்தவர். ஐந்து ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாமவர் அவளுடைய அத்தை மகன். அங்கே மேலாளராக இருக்கிறார்.

"யாரிடம் ரெஃபரல் கேட்பது அண்ணா? கேட்டால் சங்கடப்படுவார்களோ?" என்றாள்.

நான் பதினோரு ஆண்டுகளாகச் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ரெஃபரல் கேட்டும் இருக்கிறேன், அதைவிடப் பல மடங்கு கேட்கப்பட்டும் இருக்கிறேன். சங்கடப்படுவார்களா என்பதற்கு ஆம், இல்லை என்று ஒரே பதில் கிடையாது. ஒரே மனிதர், ஒரே வேலை; கேட்கும் முறை மாறினால் ஒரு முறையில் ஐந்து நிமிடத்தில் மகிழ்ச்சியாகச் செய்துவிடுவார், இன்னொரு முறையில் இரண்டு நாள் நம் அழைப்பை எடுக்காமல் ஒளிந்து திரிவார். ஆகவே அன்று அவளுடன் தொலைபேசியிலேயே வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன், கேட்கப்படுபவருடைய கணினித் திரையில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பவர்களில் பெரும்பாலானோர் அதைப் பார்த்ததே இல்லை.

அந்தப் படிவத்தில் இருக்கும் ஒரு கேள்வி

ரெஃபரல் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு 'சிபாரிசு' நினைவுக்கு வருகிறது: ஒரு பெரிய மனிதர் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார், அதைக் கொண்டுபோனால் வேலை கிடைத்துவிடும். மென்பொருள் நிறுவனங்களில் நடப்பது வேறு. ஊழியர் தன் நிறுவனத்தின் உள்தளத்தில் நுழைந்து, குறிப்பிட்ட வேலையின் எண்ணைத் தேடி எடுத்து, நம் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், தன்விவரக் குறிப்பு ஆகியவற்றை ஏற்றுகிறார். பல நிறுவனங்களில் உடனே நமக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அதிலுள்ள இணைப்பைத் திறந்து விண்ணப்பத்தை நாம்தான் முடிக்க வேண்டும். இதுவரை எல்லாம் எழுத்தர் வேலை. ஐந்து நிமிடம் போதும், யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

கஷ்டம் அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. "இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று படிவம் கேட்கும். சேர்ந்து வேலை செய்தவரா, சேர்ந்து படித்தவரா, உறவினரா, நேரடிப் பழக்கம் இல்லாதவரா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் கீழே ஒரு வெற்றுப் பெட்டி: "இந்த வேலைக்கு இவர் ஏன் பொருத்தமானவர்?" பெயரைப் பதிவது ஒரு வேலை, அந்தப் பெட்டியை நிரப்புவது வேறு ஒரு வேலை. முதலாவதற்கு நேரம் செலவாகும். இரண்டாவதற்கு அவருடைய பெயர் செலவாகும், ஏனென்றால் ஆளெடுக்கும் பிரிவிலிருந்து அழைத்து "இவர் வேலை எப்படி?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

'ரெஃபரல்' என்ற ஒரே சொல் இந்த இரண்டையும் குறிப்பதுதான் குழப்பத்தின் வேர். நாம் பதிவைத்தான் கேட்கிறோம். அவருக்கோ உறுதிமொழி கேட்பதாகக் காதில் விழுகிறது. சில சமயம் தலைகீழாகவும் நடக்கும்: அவர் பதிந்துவிட்டு முடிந்தது என்று இருப்பார், நாம் அவர் மேலாளரிடம் பேசியிருப்பார் என்று காத்திருப்போம்.

இன்னும் ஒன்று உண்டு, அதுவே எல்லா வழிகளுக்கும் கால அளவை வகுக்கிறது. நாமே நிறுவனத்தின் பக்கத்தில் முதலில் விண்ணப்பித்துவிட்டாலோ, ஏதாவதொரு ஆளெடுப்பு ஏஜென்சி நம் பெயரை முன்பே கொடுத்திருந்தாலோ, பெரும்பாலான நிறுவனங்களின் தளம் அதன்பின் வரும் ரெஃபரலை ஏற்காது. 'ஏற்கெனவே உள்ளவர்' என்று திருப்பிவிடும். விண்ணப்பித்துவிட்டு மறுநாள் ஒருவரிடம் போய்க் கேட்டால், அவர் உள்ளே போய் முயன்று, முடியாமல், அதை நம்மிடம் விளக்க வேண்டிய நிலைக்கு ஆளாவார். கேட்பதானால் விண்ணப்பிப்பதற்கு முன் கேட்க வேண்டும். அதே நேரத்தில் காத்துக்கொண்டே இருக்கவும் முடியாது, நல்ல இடங்கள் இரண்டு மூன்று வாரத்திலேயே நிரம்பிவிடக்கூடும்.

வழி ஒன்று: வீட்டுப் பெரியவர் மூலமாக

சித்தியின் யோசனை இதுதான். "அத்தைக்கு ஒரு போன் போட்டால் போதும், அவன் என்ன மாட்டேன் என்றா சொல்லப்போகிறான்?" மாட்டேன் என்று சொல்ல முடியாது என்பதைச் சித்தி ஒரு நன்மையாகச் சொன்னார். எனக்கு அதுவே இந்த வழியின் முழுக் கோளாறாகத் தெரிகிறது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்து மூன்றாம் ஆண்டு, ஊரிலிருந்து தூரத்து உறவினர் ஒருவர் அப்பாவை அழைத்து, தன் மகனுக்கு என் நிறுவனத்தில் 'சொல்லிவைக்க' வேண்டும் என்றார். அப்பா சரி என்றுவிட்டார். அந்தப் பையனை நான் ஒரு கிரகப்பிரவேசத்தில் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். மறுத்தால் அப்பாவின் வாக்கு போகும் என்பதற்காகப் பெயரைப் பதிந்தேன். பெட்டியைக் காலியாக விட்டேன். இரண்டு நாளில் ஆளெடுப்புப் பிரிவிலிருந்து அழைப்பு. "நீங்கள் கொடுத்தவருக்கு ஜாவா எந்த அளவு தெரியும்?" என்றார்கள். தெரியாது என்றேன். "அப்படியானால் ஏன் கொடுத்தீர்கள்?" என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, அந்த மௌனத்தில் கேட்டுவிட்டார்கள். பையன் முதல் சுற்றோடு திரும்பினான். அந்த வீட்டில் இன்றுவரை நான் மனம் வைக்கவில்லை என்றுதான் பேச்சு. அலுவலகத்திலும் கெட்ட பெயர், உறவிலும் கெட்ட பெயர். அந்தப் பையனுக்கு ஒரு பயனும் இல்லை.

பெரியவர் மூலம் கேட்கும்போது கேட்பவரும் கேட்கப்படுபவரும் நேராகப் பேசுவதே இல்லை. வேலையின் எண் தெரியாது, தன்விவரக் குறிப்பு பழையதாக இருக்கும், சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. அதற்கு மேல், மறுப்பு இரண்டு பேருக்கு இடையில் முடியாமல் இரண்டு குடும்பங்களுக்கு இடையில் போய் நிற்கும்.

அத்தை மகன் விஷயத்தில் கூடுதல் சிக்கல் ஒன்று இருந்தது. அவர் மேலாளர். பல நிறுவனங்களில் உறவினரைப் பரிந்துரைத்தால் உறவை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். உறவினர் ஒருவர் மற்றவருக்குக் கீழே வேலை செய்யும்படி அமர்த்தவும் விடமாட்டார்கள். அந்த இடம் அவருடைய பிரிவிலேயே இருந்தால், அவர் செய்ய நினைக்கும் உதவியே அவள் வாய்ப்பைக் கெடுக்கும். ஆகவே அவரிடம் ரெஃபரல் கேட்பதே வேண்டாம் என்று முதலிலேயே தள்ளிவிட்டோம். மூன்று பேரில் அதிக உரிமை உள்ளவர்தான் முதலில் கழிந்தார் என்பதைச் சித்தியால் ஏற்க முடியவில்லை.

வழி இரண்டு: நேரிலோ தொலைபேசியிலோ

அவளுக்கு இது பிடித்திருந்தது. முகம் பார்த்துக் கேட்பதுதான் மரியாதை, வாட்ஸ்அப்பில் கேட்டால் அலட்சியமாக இருக்கும் என்றாள். நம் பழக்கத்தில் அது நியாயமான எண்ணம்தான். கல்யாணப் பத்திரிகையைக்கூட நேரில் கொடுத்தால்தான் அழைப்பு என்கிறோம்.

ஆனால் நேரில் கேட்பதன் பலம் எதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரோகனிசாத், போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு சிறு கேள்வித்தாளை நிரப்பித் தருமாறு சிலரை நேரிலும் சிலரை மின்னஞ்சலிலும் கேட்கவைத்தார்கள். நேரில் கேட்டது மின்னஞ்சலைவிட 34 மடங்கு பலித்தது. இதைக் காட்டி 'எதையும் நேரில் கேளுங்கள்' என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த எண் எதிர்ப்பக்கமாகத் தெரிகிறது. நேரில் சம்மதித்த அத்தனை பேரும் விரும்பியா சம்மதித்திருப்பார்கள்? கண்ணெதிரே நிற்பவரிடம் முடியாது என்று சொல்வதைவிடச் செய்து கொடுத்துவிடுவது எளிது என்று செய்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

கேள்வித்தாளை நிரப்ப அந்தச் சம்மதம் போதும். ரெஃபரலுக்குப் போதாது. தட்ட முடியாமல் சொன்ன 'சரி' என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். "அனுப்பி வையுங்கள், பார்க்கிறேன்" என்பேன். பிறகு பெயர் பதிவாகும், பெட்டி காலியாக இருக்கும். அல்லது பதிவே ஆகாது. "தளத்தில் ஏதோ கோளாறு" என்று ஒரு வாரம் ஓட்டுவேன். கேட்டவர் ரெஃபரல் இருக்கிறது என்று நம்பிக் காத்திருப்பார், அதற்குள் அந்த இடம் மூடப்பட்டிருக்கும். வெளிப்படையாக மறுக்கப்பட்டிருந்தால் அன்றே நேராக விண்ணப்பித்திருக்கலாம்.

தொலைபேசி இதற்கு ஒரு படி கீழே, அவ்வளவுதான். அவர் எங்கே இருக்கிறார், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அலுவலகத்தில் தன் மேலாளருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அவர் எப்படி மனம் திறந்து பேசுவார்? வாரம் ஒருமுறையாவது பேசும் நெருங்கிய நண்பர் என்றால் தொலைபேசியில் கேளுங்கள். அவர் "டேய், இப்போது வேண்டாம்" என்று தயங்காமல் சொல்லிவிடுவார். அந்த உரிமை இல்லாத இடத்தில் வேண்டாம்.

வழி மூன்று: தகவல் மட்டும் கேட்பது

இது நாசூக்கான வழி என்று பெயர் வாங்கியது. ரெஃபரல் என்ற சொல்லையே எடுக்காமல், அந்த நிறுவனத்தில் வேலை எப்படி, அந்தப் பிரிவில் எந்தக் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள், வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும் என்று கேட்பது. பேச்சின் முடிவில் அவருக்கே தோன்றினால் "குறிப்பை அனுப்பு, நான் போடுகிறேன்" என்பார். தோன்றாவிட்டால் யாரும் எதையும் கேட்கவில்லை, யாரும் எதையும் மறுக்கவில்லை.

நமக்கு உண்மையிலேயே தகவல் தேவைப்படும்போது இது அருமையான வழி. கல்லூரி மூத்தவருக்கு இதைத்தான் தேர்ந்தெடுத்தோம். அவருக்கு இவளுடைய வேலை எதுவும் தெரியாது. கேட்டாலும் 'சேர்ந்து படித்தவர்' என்று குறித்துவிட்டுப் பெட்டியைக் காலியாகத்தான் விட முடியும். ஐந்து ஆண்டுக்குப் பின் வரும் முதல் செய்தியிலேயே ரெஃபரல் கேட்டால், "இவ்வளவு நாள் நினைவில்லை, இப்போது மட்டும் வந்ததோ" என்று எண்ணுவார். எண்ணாவிட்டாலும், எண்ணுவாரோ என்று இவள் கூனிக் குறுகிவிடுவாள். ஆனால் சோதனைப் பிரிவில் கையால் செய்யும் வேலை எவ்வளவு, நிரல் எழுதித் தானியக்கமாக்கும் வேலை எவ்வளவு என்ற கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியும். விளம்பரத்தில் அது தெளிவாக இல்லை, அவளுக்கு அது உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

கெடுவது எங்கே என்றால், தகவல் கேட்பதைத் தூண்டிலாகப் பயன்படுத்தும்போது. எல்லாம் ஏற்கெனவே தெரிந்துகொண்டு, பத்து நிமிடம் சுற்றி வளைத்துப் பேசி, "அப்புறம் அண்ணா, ஒரு சின்ன உதவி..." என்று முடிப்பவர்கள் எனக்கு மாதம் இரண்டு பேராவது வருகிறார்கள். மூன்றாவது நிமிடத்திலேயே எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். மிச்ச ஏழு நிமிடம் நானும் தெரியாததுபோல நடிக்க வேண்டும். நேராகக் கேட்டிருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. தகவல் கேட்டுத் தொடங்கினால் தகவலோடு முடிக்க வேண்டும். ரெஃபரல் அவர் வாயிலிருந்து வந்தால் வரட்டும்.

நன்றாகத் தெரிந்தவரிடம் இந்த வழியே தவறு என்றும் நினைக்கிறேன். இரண்டு ஆண்டு தினமும் சேர்ந்து வேலை பார்த்த டீம் லீடிடம் போய் "உங்கள் நிறுவனம் எப்படி?" என்று தூரத்திலிருந்து ஆரம்பித்தால், என்ன இவள், என்னிடம் நேராகக் கேட்க மாட்டாளா என்றுதான் அவருக்குத் தோன்றும்.

வழி நான்கு: எழுத்தில் நேராக, விலக வாசல் வைத்து

டீம் லீடுக்கு இதைத்தான் செய்தாள். செய்தியை இருவரும் சேர்ந்து மூன்று முறை திருத்தினோம். அலுவலக வழக்கப்படி ஆங்கிலத்தில்தான் அனுப்பினாள். தமிழில் அதன் சாரம் இது:

"வணக்கம் மேடம். உங்கள் நிறுவனத்தில் சோதனைப் பொறியாளர் இடம் ஒன்று வந்திருக்கிறது. வேலை எண்ணும் இணைப்பும் கீழே. விண்ணப்பிக்கப் போகிறேன். உங்களுக்குச் சௌகரியப்பட்டால் என் பெயரை உள்தளத்தில் பதிந்துவிட முடியுமா? பதிவு மட்டும் போதும், யாரிடமும் பேச வேண்டியதில்லை. இப்போது ஆளெடுப்பு நிறுத்தம், உங்கள் பிரிவு, வேறு எந்தக் காரணத்தாலும் தோதுப்படாவிட்டால் எனக்குப் புரியும். பதில்கூடத் தேவையில்லை, வரும் ஞாயிறு மாலை நானே நேராக விண்ணப்பித்துவிடுவேன். தன்விவரக் குறிப்பை இணைத்திருக்கிறேன். நாம் சேர்ந்து செய்தவற்றில் இந்த வேலைக்குப் பொருந்தும் இரண்டு விஷயங்களையும் கீழே எழுதியிருக்கிறேன், தேவைப்பட்டால் பயன்படும்."

அவள் முதலில் எழுதியது இதில் கால்வாசி நீளம்கூட இல்லை: "ஹாய் மேடம், நலமா? உங்கள் நிறுவனத்தில் ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள், ரெஃபர் செய்யுங்கள்." பார்ப்பதற்கு இது எளிமையானது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல, மேடம் இவளுக்குப் பொருத்தமான இடத்தைத் தேட வேண்டும், குறிப்பைக் கேட்டு வாங்க வேண்டும், எந்த அளவு உதவியை எதிர்பார்க்கிறாள் என்று ஊகிக்க வேண்டும். இவளுடைய வேலை முழுவதும் அவர் தலையில் விழுகிறது.

மாற்றியவற்றில் நான் முக்கியமாகக் கருதுவது மூன்று. வேலை எண் கொடுத்தது முதலாவது. ஒன்றே ஒன்று, நாலைந்து எண்களை அள்ளிப் போடவில்லை. பல எண்கள் கொடுத்தால் எதற்கும் உள்ளே நுழைந்தால் போதும் என்ற தோற்றம் வரும், அவர் பெயரில் ஒரே ஆளுக்கு நாலு ரெஃபரல் போவதும் அவருக்கு அழகாக இராது.

இரண்டாவது, 'பதிவு மட்டும் போதும்' என்ற வரி. முன்னே சொன்ன இரண்டு பொருளில் சிறியதைக் கேட்டாள். பெரியதை அவரிடமே விட்டாள். கீழே எழுதியிருந்த இரண்டு விஷயங்கள் அந்தப் பெட்டிக்காக. ஒன்று, வெளியீட்டுக்கு முன் இரண்டு நாள் கையால் செய்துகொண்டிருந்த மறுசோதனையை அவள் தானியக்கமாக்கி ஒரே இரவில் முடியும்படி செய்தது. இன்னொன்று, பணம் செலுத்தும் பகுதியில் ஒரே கட்டணம் இரண்டுமுறை கழியும் பிழையை வாடிக்கையாளரிடம் போகுமுன் பிடித்தது. இரண்டும் மேடம் கண்ணால் பார்த்தவை. அவர் பார்க்காத எதையும் சேர்க்க வேண்டாம் என்றேன். பார்க்காததை எழுதிக் கொடுத்துப் போடச் சொல்வது, ஒருவரைப் பொய்ச்சாட்சிக்கு அழைப்பது போல.

மூன்றாவது, ஞாயிறு மாலை. இதைத்தான் நெடுநேரம் விவாதித்தோம். கெடு வைப்பது மிரட்டுவது போல இருக்காதா என்றாள். "ஞாயிற்றுக்குள் செய்யுங்கள்" என்று எழுதினால் மிரட்டல்தான். "ஞாயிறு நானே விண்ணப்பித்துவிடுவேன்" என்பது வேறு. அதில் அவருடைய மௌனத்துக்கும் ஒரு மரியாதையான பொருள் கிடைத்துவிடுகிறது. மறுக்க நினைப்பவர் எதுவுமே செய்ய வேண்டாம். ஞாயிறு தானாகக் கடந்துபோகும். காரணம் தேட வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம், அடுத்த முறை எங்காவது பார்த்தால் முகத்தைத் திருப்பவும் வேண்டாம். நமக்கும் இடம் கைநழுவாது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. திங்களன்று அவர் செய்தியைப் பார்த்து, செய்ய விரும்பினாலும், அதற்குள் நாம் விண்ணப்பித்திருப்போம், ரெஃபரல் ஏறாது. விடுப்பில் இருப்பவர், எந்தச் செய்தியையும் வாரம் கழித்தே பார்ப்பவர் என்றால் இந்த இழப்பு நேரலாம். விளம்பரம் வந்து ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால் ஐந்து நாளுக்குப் பதில் எட்டு நாள் வைக்கலாம். அதற்கு மேல் நீட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எழுதாமல் விட்டதும் ஒன்று உண்டு. பல நிறுவனங்களில் பரிந்துரைத்தவருக்கு ஊக்கத்தொகை உண்டு. பொதுவாக, புதியவர் சேர்ந்து சில மாதங்கள் நிலைத்த பிறகுதான் அது கைக்கு வரும். "உங்களுக்கும் ஊக்கத்தொகை கிடைக்குமே மேடம்" என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். உறுத்தல் குறையட்டும் என்று எழுதியதுதான். அடித்துவிட்டேன். அது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நாம் எடுத்துச் சொன்னால் உதவி வியாபாரமாகிவிடும். வேண்டாம் என்று நினைக்கும் ஒருவரைத் தொகைக்காகச் செய்பவராகவும் அது காட்டும்.

முன்பின் தெரியாதவர்களும், யாரிடமும் கேட்காமல் இருப்பதும்

லிங்க்டின்னில் "எங்கள் நிறுவனத்தில் ஆள் எடுக்கிறோம், குறிப்பு அனுப்புங்கள், ரெஃபர் செய்கிறேன்" என்று அறிவிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதில் சங்கடம் ஏதுமில்லை, அவர்களே கடை விரித்திருக்கிறார்கள். பலனும் அதற்கேற்ற அளவுதான்: படிவத்தில் 'நேரடிப் பழக்கம் இல்லாதவர்' என்று பதிவாகும். யாருமே இல்லாதபோது இது போதும். ரெஃபரலுக்குப் பணம் கேட்பவர் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள், அது மோசடி.

யாரிடமும் கேட்காமல் நேராக விண்ணப்பிப்பதையும் ஒரு வழியாகவே எண்ண வேண்டும். நமக்குத் தெரிந்த அந்த ஒருவர் புதிதாகச் சேர்ந்து தகுதிகாண் காலத்தில் இருக்கிறார், அல்லது அங்கே சமீபத்தில் ஆட்குறைப்பு நடந்து அவரே தன் இருக்கையைப் பற்றிக்கொண்டிருக்கிறார் என்றால், கேட்காமல் இருப்பதே நல்லது.

பதிந்த பிறகு

டீம் லீடின் பதில் மறுநாள் மாலை வந்தது. "பதிந்துவிட்டேன். ஆனால் இந்த இடம் என் மேலாளரின் பிரிவில்தான் வருகிறது. அதனால் நான் தனியாக எதுவும் பேச மாட்டேன், பெட்டியில் எழுதியதோடு சரி." இவள் 'யாரிடமும் பேச வேண்டியதில்லை' என்று முன்பே எழுதியிருந்ததால்தான் அவரால் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். பெட்டியில் தானியக்க வேலையைப் பற்றி அவருடைய சொற்களில் நான்கு வரி எழுதியிருந்தாராம். நேர்காணலில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான்.

கல்லூரி மூத்தவர் பத்து நாள் கழித்து, கேட்டதற்கு மட்டும் நல்ல பதில் எழுதினார். ரெஃபரல் பேச்சை அவரும் எடுக்கவில்லை. அதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

பதிந்தபின் வரும் சங்கடம் வேறு வகையானது. "ஏதாவது தெரிந்ததா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. பரிந்துரைத்தவருக்குத் தளத்தில் தெரிவது பெரும்பாலும் 'பரிசீலனையில்' என்ற ஒரு சொல்தான். அவரைக் கேட்டால் அவர் ஆளெடுப்புப் பிரிவைக் கேட்க வேண்டும். கேட்டால் அது பேசிவைப்பதாகிவிடும். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை கேட்கலாம், அத்துடன் நிறுத்த வேண்டும். நேர்காணல் எடுப்பவர் யார், என்ன கேட்பார் என்று விசாரிப்பது அவரை நேரடியாகச் சிக்கலில் மாட்டிவிடும். நம் பக்கத்துச் செய்தியை மட்டும் நாமே சொல்லிக்கொண்டிருந்தால் போதும்: அழைப்பு வந்தது, இரண்டாம் சுற்று முடிந்தது, தேறவில்லை. தேறவில்லை என்றால் அதை வேறொருவர் வாயால் அவர் கேட்கக் கூடாது.

அவள் தேறினாள். வேலை உத்தரவு வந்தது. பழைய நிறுவனத்தில் 60 நாள் நோட்டீஸ். இந்த இடைக்காலத்தில்தான் மென்பொருள் துறையில் ரெஃபரல்கள் நாறிப்போகின்றன: ஓர் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் காட்டி இன்னொன்று தேடுவது, சேர வேண்டிய நாளன்று காலையில் தொலைபேசியை அணைத்துவிடுவது. ஆளெடுப்புப் பிரிவுக்கு இது பழகிய எரிச்சல். பரிந்துரைத்தவருக்கோ அடுத்த முறை யாருடைய பெயரைக் கொடுத்தாலும் கூடவே வரும் கறை.

நாற்பதாவது நாள் பெங்களூரிலிருந்து அவளுக்கு அதைவிடப் பெரிய சம்பளத்தில் ஓர் அழைப்பு வந்தது. இரவு என்னை அழைத்தாள். போவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும், அதில் நான் தலையிடவில்லை. போவதென்றால் யாரிடம் முதலில் சொல்வது என்பதுதான் என் கவலை. நிறுவனத்துக்கு முறையான மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பிறகு மேடத்திடம் சொல்லலாம் என்றாள். அப்படித்தான் ஒழுங்கு என்று அவளுக்குத் தோன்றியது. மாற்றிச் செய்யச் சொன்னேன். முதலில் மேடம், ஒரு மணி நேரம் கழித்து மின்னஞ்சல். தன் மேலாளர் வந்து "நீங்கள் கொடுத்த பெண் வரவில்லையாமே" என்று சொல்லும்போது அது அவருக்குப் புதுச் செய்தியாக இருக்கக் கூடாது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான்கு வரியில் எழுதினாள். வேறு இடத்துக்குப் போவதாக முடிவு செய்திருப்பது, காரணம், வருத்தம், பத்து மணிக்கு நிறுவனத்துக்கு எழுதப்போவது. ஒன்பது இருபதுக்கு மேடத்திடமிருந்து பதில் வந்தது: "வருத்தம்தான். ஆனால் இன்றைக்கே சொன்னது நல்லதாயிற்று. இரண்டாவதாக வைத்திருந்த பையனுக்கு இன்னும் மறுப்புக் கடிதம் போகவில்லை. மேலாளரிடம் நானே இப்போது சொல்லிவிடுகிறேன், நீ பத்தரைக்கு அனுப்பு."